மூன்றுக்கு மூன்று மீட்டர்: சிறு ஸ்டாலில் நிற்பவர்களின் வேலை

கோயம்புத்தூர் கொடிசியா வளாகத்தில் இயந்திரக் கண்காட்சி நடக்கும்போது கூட்டம் முதலில் பெரிய நிறுவனங்களின் அரங்குகளுக்குத்தான் போகும். அங்கே இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருக்கும், திரைகளில் படம் ஓடும். அவற்றைத் தாண்டி நடந்தால் மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் ஸ்டால்கள் வரிசையாக இருக்கும். மூன்று பக்கமும் வெள்ளைத் தட்டி, மேலே பெயர்ப்பட்டை, ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சில ஸ்பாட் லைட்டுகள், ஒரு பிளக் பாயிண்ட். கணபதியிலோ குறிச்சியிலோ இரண்டு சிஎன்சி லேத்தும் ஒரு விஎம்சியும் வைத்து ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை உரிமையாளர் இந்த ஸ்டால்களில் ஒன்றைத்தான் எடுக்க முடியும்.

வாடகை, பேனர், பிரவுச்சர், சாம்பிள் தட்டு என்று செலவுக்கான திட்டம் மாதக்கணக்கில் நடக்கும். அந்த ஒன்பது சதுர மீட்டருக்குள் யார் நிற்பது, என்ன பேசுவது, பேசியதை எங்கே எழுதுவது என்பதை மட்டும் முதல் நாள் காலையில் யோசிப்பார்கள். பதினைந்து ஆண்டுகளாக இப்படிப்பட்ட ஸ்டால்களில் நின்றும் பக்கத்து ஸ்டால்களைக் கவனித்தும் வந்திருக்கிறேன். கண்காட்சியில் கிடைத்த லாபமும் நஷ்டமும் பெரும்பாலும் அந்தக் கடைசி மூன்று கேள்விகளில்தான் இருந்தன. ஆகவே இயந்திர உதிரிபாகம் செய்யும் ஒரு சிறு பட்டறையை மட்டும் எடுத்துக்கொண்டு அந்தக் கேள்விகளைப் பார்க்கிறேன்.

பொருட்காட்சியும் வர்த்தகக் கண்காட்சியும் ஒன்றல்ல என்பதிலிருந்து தொடங்க வேண்டும். பொருட்காட்சியில் சரக்கை எடுத்துப் போய் விற்றுவிட்டு மாலையில் கல்லாவை எண்ணலாம். வர்த்தகக் கண்காட்சியில் வைப்பது மாதிரி மட்டும்தான். ஜெர்மனியின் லைப்சிக் நகரச் சந்தை 1895-இல் மாதிரிச் சந்தையாக மாறியபோதே இந்த முறை உருவாகிவிட்டது. வணிகர்கள் வண்டி வண்டியாகச் சரக்கைக் கொண்டுவராமல் மாதிரிகளை வைத்து ஆர்டர் எடுத்தார்கள். அன்று ஸ்டாலில் நின்றவரின் கையிலிருந்த முக்கியமான பொருள் ஆர்டர் புத்தகம். இன்று ஜாப் ஒர்க் பட்டறைக்கு ஸ்டாலிலேயே ஆர்டர் கிடைப்பது அபூர்வம். ட்ராயிங் வர வேண்டும், கொட்டேஷன் போக வேண்டும், சாம்பிள் ஒப்புதல் ஆக வேண்டும். ஆகவே ஆர்டர் புத்தகத்தின் இடத்துக்கு விசாரணைச் சீட்டு வந்துவிட்டது. மாலையில் எண்ணுவதற்கு அந்தச் சீட்டுகள்தான் இருக்கும்.

ஒரு நாளில் எத்தனை சீட்டு சாத்தியம் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காலை பத்து முதல் மாலை ஆறு வரை எட்டு மணி நேரம், அதாவது 480 நிமிடம். இரண்டு பேர் நின்றால் 960. காலை முதல் ஒரு மணி நேரம் ஆள் வராது. மதியச் சாப்பாட்டு நேரம் மெலிந்துவிடும். கூட்டம் வரும்போது மொத்தமாக வரும். பாதி நேரம் பயனுள்ளதாக இருந்தால் அதுவே நல்ல நாள். மீதமாகும் 480 நிமிடத்தில் ஒரு உருப்படியான பேச்சுக்கு ஆறு நிமிடமும் அதை எழுத இரண்டு நிமிடமும் வைத்தால் அறுபது பேர், ஐந்து நாளில் முந்நூறு பேர். ஸ்டாலை எவ்வளவு அழகாக அலங்கரித்தாலும் இந்த எண்ணிக்கை கூடாது. பழைய நண்பர் ஒருவர் நாற்காலியில் அமர்ந்து நாற்பது நிமிடம் டீ குடித்துப் போனால் ஐந்து பேச்சுகள் போய்விட்டன.

எத்தனை பேர் நிற்கலாம் என்பதற்கும் ஓர் அளவு உண்டு. காலியாக இருக்கும் ஐம்பது சதுர அடிக்கு ஒருவர் என்பது கண்காட்சித் துறையில் நெடுநாளாகப் புழங்கும் கணக்கு. ஒன்பது சதுர மீட்டர் என்பது ஏறத்தாழ 97 சதுர அடி. மேசையும் சாம்பிள் ஸ்டாண்டும் முப்பது அடியை எடுத்துக்கொண்டால் மிச்சம் அறுபத்தேழு. ஒருவருக்குத் தாராளம், இருவருக்குச் சற்று நெருக்கம். மூன்றாவது ஆள் உள்ளே நின்றால் வருகிறவர் நுழைய யோசிப்பார். ஸ்டால் நிரம்பியிருப்பதாகத் தெரியும், அது வாடிக்கையாளர்களால் நிரம்பியதா ஊழியர்களாலா என்று அவர் நின்று பார்க்கமாட்டார். எனவே மூன்று பேரை வைத்துக்கொண்டு எப்போதும் இருவரை மட்டும் நிறுத்துவதே சரியாக வந்திருக்கிறது. ஒருவர் ஒரு மணி நேரம் நின்றால் அரை மணி ஓய்வு. மூன்றாம் நாளிலிருந்து குரல் கம்மும், கால் கடுக்கும், முகத்தில் சிரிப்பு போய்விடும். ஓய்வு முறையை முதல் நாளிலேயே தொடங்காதவர்கள் மூன்றாம் நாள் மதியம் நாற்காலியில் உட்கார்ந்து போன் பார்ப்பதைக் காணலாம்.

யாரை நிறுத்துவது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. நன்றாகப் பேசும் ஆளை வெளியிலிருந்து கூலிக்கு அமர்த்தலாம் என்பது ஒரு கட்சி. நுகர்பொருளுக்கு அது சரியாக இருக்கலாம். ஜாப் ஒர்க்குக்கு அது உதவாது என்பது என் உறுதியான கருத்து. வருகிறவர் கையில் பார்ட் இருக்கும், கேள்வி டாலரன்ஸ் பற்றியதாக இருக்கும். பட்டறையில் தினமும் அளந்து பார்க்கும் சூப்பர்வைசரோ குவாலிட்டி பார்க்கும் பெண் இன்ஜினியரோ அந்த இடத்தில் நிற்க வேண்டும். உரிமையாளரும் இருக்கத்தான் வேண்டும், முடியும் முடியாது என்று சொல்ல அவரால்தான் ஆகும். ஆனால் அவருக்குத் தெரிந்தவர்கள் ஊர் முழுக்க இருப்பார்கள். அவர் ஸ்டாலுக்குள் நின்றால் அது திருமண வரவேற்பு போல ஆகிவிடும். அவர் தெரிந்தவர்களோடு கேன்டீன் பக்கம் நடந்துவிட்டு, தேவைப்படும்போது போனில் கூப்பிட்டால் இரண்டு நிமிடத்தில் வருவது நல்லது.

இன்னொன்றும் பலமுறை கண்டிருக்கிறேன். பெண் இன்ஜினியர் முன்னால் நின்றாலும் வருகிறவர் அவரைத் தாண்டி, பின்னால் நிற்கும் வயதான ஆணிடம் போய்ப் பேசுவார். அந்த ஆண் பதில் சொல்லத் தொடங்கினால் அன்று முழுவதும் அவர் ஒருவரே பேச வேண்டியிருக்கும். “இது மேடம்தான் பாக்கறாங்க, அவங்ககிட்டயே கேளுங்க” என்று முதல் தடவையே திருப்பி அனுப்ப வேண்டும். மரியாதைக்கும் அதுதான் சரி, வேலைக்கும் அதுதான் சரி.

மேசையை ஏற்பாட்டாளர் வாசலுக்குக் குறுக்கே போட்டுவிட்டுப் போயிருப்பார். அதை ஒரு பக்கச் சுவரோடு ஒட்டித் திருப்பினாலே ஸ்டால் கடையின் கவுண்டர் போலத் தோன்றுவது நின்றுவிடும். பார்ட்டுகளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டாமல் கைக்கெட்டும் தட்டில் வையுங்கள். இந்தத் தொழிலில் இருப்பவர் எவரும் ஒரு பார்ட்டைப் பார்த்தால் எடுத்து விரலால் தடவாமல் இருக்கமாட்டார். ஆனால் வைக்கும் பார்ட் யாருடையது? வாடிக்கையாளர் ட்ராயிங்கில் செய்தது என்றால் அவரிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும், பார்ட் நம்பரும் லோகோவும் தெரியக்கூடாது. ஒருவருடைய பார்ட்டை இன்னொருவரிடம் காட்டிப் பெருமை பேசும் பட்டறைக்குத் தன் ட்ராயிங்கைக் கொடுக்க எந்த பர்ச்சேஸ் மேனேஜரும் தயங்குவார். நம் திறமையைக் காட்ட நாமே வடிவமைத்த இரண்டு மூன்று சாம்பிள்கள் போதும்.

இனி பேச்சு. ஸ்டாலில் அதிகம் கேட்கும் முதல் வாக்கியம் “வாங்க சார், என்ன பாக்கறீங்க?” என்பது. அதற்கு எல்லோரிடமும் ஒரே பதில்தான், “சும்மா பாத்துட்டு இருக்கோம்”. பேச்சு அங்கேயே முடிந்துவிடும். அடுத்தது, வந்தவர் கையில் பிரவுச்சரைத் திணித்து “நாங்க 1998-ல இருந்து…” என்று தொடங்குவது. நம் வரலாற்றை அவர் கேட்கவில்லை. நான் கண்டவரையில் நன்றாக வேலை செய்த முதல் கேள்வி, “வாங்க சார், உங்க யூனிட்ல என்ன பண்றீங்க?” என்பதே. இதற்கு ஆம், இல்லை என்று பதில் சொல்ல முடியாது. தன் தொழிலைப் பற்றிச் சொல்ல யாரும் தயங்குவதில்லை. பம்ப், வால்வ், கியர் பாக்ஸ், டெக்ஸ்டைல் ஸ்பேர் என்று அவர் ஒரு சொல் சொன்னாலே அடுத்த கேள்வி நமக்குக் கிடைத்துவிடும். “காலேஜ்ங்க” என்றாலும், “இன்சர்ட் விக்கிறோம்” என்றாலும் பத்து வினாடியில் அதுவும் தெரிந்துவிடும்.

வருகிறவரைத் தரம் பார்ப்பதற்கு விற்பனைப் பாடங்களில் ஒரு பழைய சூத்திரம் உண்டு. ஐபிஎம் நிறுவனத்தில் தோன்றியதாகச் சொல்லப்படும் அதில் நான்கு கேள்விகள்: பணம் ஒதுக்கியிருக்கிறார்களா, முடிவெடுப்பவர் இவரா, தேவை இருக்கிறதா, எப்போது வேண்டும். கணினி விற்க அது பொருந்தும். ஜாப் ஒர்க்கில் அதை அப்படியே கேட்டால் சங்கடமாக இருக்கும். பம்ப் கம்பெனிக்கு ஸ்லீவ் வாங்கத் தனியாகப் பட்ஜெட் எதுவும் கிடையாது, மாதாமாதம் வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். உண்மையில் நாம் அறிய வேண்டியது வேறு. என்ன பார்ட், என்ன மெட்டீரியல், மாதம் எத்தனை, இப்போது எங்கே செய்கிறார்கள், அங்கே என்ன குறை. கடைசிக் கேள்விதான் முக்கியம். குறை இல்லாதவர் சப்ளையரை மாற்றமாட்டார். ரேட் மட்டுமே குறை என்று சொல்கிறவர் நம்மையும் அடுத்த ஆண்டு அதே காரணத்துக்காக மாற்றுவார்.

ஒரு பேச்சை முழுதாக எழுதிப் பார்க்கிறேன். ஆட்கள் கற்பனை, விஷயம் பட்டறைகளில் தினமும் நடப்பது. மூன்றாம் நாள், மதியம் மூன்று மணி. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்த ஒருவர் தட்டிலிருந்த மெல்லிய ஸ்லீவ் ஒன்றை எடுத்து உள்ளே விரலை விட்டுப் பார்க்கிறார்.

“வாங்க சார், உங்க யூனிட்ல என்ன பண்றீங்க?”

“பம்ப்புங்க. இது எஸ்எஸ்ஸா?”

“எஸ்எஸ் 410 சார். நீங்க ஸ்லீவ் வெளிய குடுக்கறீங்களா, உள்ளயே பண்றீங்களா?”

“வெளியதான். மாசம் ரெண்டாயிரம் போகும்.”

“இப்ப பண்றவங்ககிட்ட எப்படி வருது?”

“சைஸ் எல்லாம் ஓகேங்க. போர் டயல்ல வெச்சா கரெக்டா காட்டுது. அசெம்பிளில போட்டா சிலது ஏற மாட்டேங்குது.”

இந்த இடத்தில் பிரவுச்சர் கொடுத்துவிட்டு “நாங்க நல்லா பண்ணித் தர்றோம் சார்” என்று சொல்பவருக்கு இந்த ஆர்டர் கிடைக்காது. விஷயம் தெரிந்தவர் இன்னொன்று கேட்பார்.

“அவங்க மூணு ஜா சக்ல பிடிச்சு போர் பண்றாங்களா சார்? சுவர் மெலிசு. இறுக்கும்போது மூணு இடத்துல நசுங்கும். அப்படியே போர் பண்ணிட்டுக் கழட்டினா சுவர் விரிஞ்சு போர் முக்கோணச் சாயலா ஆயிடும். டயல் ரெண்டு புள்ளியில மட்டும் தொடறதால எங்க வெச்சாலும் ஒரே சைஸ் காட்டும். மூணு புள்ளி மைக்ரோமீட்டர்லதான் தெரியும். இதை நாங்க காலட்ல பிடிக்கிறோம்.”

அவர் ஸ்லீவைக் கீழே வைக்கமாட்டார். இனி நாம் கேட்பதற்கெல்லாம் பதில் வரும். மெட்டீரியல் அவர்கள் தருவார்களா, நாம் வாங்கிச் செய்ய வேண்டுமா? புது சப்ளையரை ஒப்புக்கொள்வது யார், பர்ச்சேஸா குவாலிட்டியா? சாம்பிள் எத்தனை கேட்பார்கள்? “நான் மெயின்டெனன்ஸ்தாங்க, குவாலிட்டி மேனேஜர்தான் பாக்கணும்” என்கிறார். முடிவெடுப்பவர் இவர் இல்லை என்று சூத்திரப்படி கழித்துவிடலாம். அது தவறு. குறையை நேரில் கண்டவர் இவர்தான், குவாலிட்டி மேனேஜரிடம் நம் பெயரைச் சொல்லப்போகிறவரும் இவர்தான். கேட்க வேண்டியது, “நான் அவங்களுக்குப் போன் பண்றப்ப நீங்க சொன்னதா சொல்லலாமா சார்?” என்பது.

“ரேட் என்ன வரும்?” என்று கேட்பார். இதிலும் இரு பக்கம் உண்டு. தோராயமாக ஒரு தொகை சொன்னால்தான் பேச்சு நகரும் என்பார்கள் சிலர். ட்ராயிங் பார்க்காமல் சொன்ன தொகை நம் கழுத்தில் ஏறி உட்காரும் என்பது மற்றவர்கள் அனுபவம். நான் இரண்டாவது பக்கம். டாலரன்ஸ் ஒரு படி இறுகினாலே கிரைண்டிங் சேரும், ரேட் மாறிவிடும். “ட்ராயிங் வாட்ஸ்அப் பண்ணுங்க சார், நாளைக்கு மதியத்துக்குள்ள சொல்லிடறேன்” என்று நேரம் குறித்துச் சொல்வதே போதும். அப்படிச் சொல்ல வேண்டுமானால் பட்டறையில் ஒருவர் கொட்டேஷன் போட உட்கார்ந்திருக்க வேண்டும். பேமென்ட் பற்றி ஸ்டாலிலேயே ஒரு வார்த்தை கேட்டுவைப்பதும் தவறில்லை. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக்கூடாது என்பது 2006-ஆம் ஆண்டுச் சட்டம். 120 நாள் என்று பழக்கமாகச் சொல்லும் இடத்தை அங்கேயே அறிந்துகொள்வது நல்லது.

வாங்காதவர்களை எப்படி வழியனுப்புவது? பாலிடெக்னிக் மாணவர்கள் பதினைந்து பேர் ஒன்றாக வருவார்கள். அவர்களை விரட்டும் ஸ்டால்களைக் கண்டு மனம் வருந்தியிருக்கிறேன். நாளை நம் லேத்தை ஓட்டப்போகிறவர்கள் அவர்கள்தான். கூட்டமில்லாத காலை நேரம் என்றால் ஐந்து நிமிடம் சொல்லிக்கொடுக்கலாம். மதியம் என்றால், “தம்பி, நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வாங்க, விளக்கமா சொல்றேன்” என்று நேரம் சொல்லி அனுப்பலாம். நமக்கே விற்க வருகிறவர்கள் இன்னொரு கூட்டம். கட்டிங் டூல், சாஃப்ட்வேர், கடன், விளம்பரம் என்று வருவார்கள். “கார்டு குடுங்க சார், ஃபேர் முடிஞ்சு புதன்கிழமை கூப்பிடறேன்” என்று கார்டைத் தனி டப்பாவில் போட்டுவிட வேண்டும். விசாரணைச் சீட்டுகளோடு அது கலந்தால் மாலைக் கணக்கு குழம்பிவிடும். போட்டியாளர்களும் வருவார்கள். எந்த மெஷின், என்ன டூல், யாருக்குச் செய்கிறீர்கள் என்றெல்லாம் கேட்டுவிட்டுத் தன் தொழிலைச் சொல்லாமல் நழுவுகிறவர் பெரும்பாலும் அவர்தான். மரியாதையாகப் பேசலாம், வாடிக்கையாளர் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதுவதில்தான் பெரும்பாலோர் தோற்கிறார்கள். நான் நின்ற முதல் கண்காட்சியில் மேசைமேல் ஒரு கண்ணாடிக் குடுவை வைத்திருந்தோம். கார்டு போடுகிறவர்களுக்குக் குலுக்கலில் பரிசு. ஐந்து நாளில் நானூறுக்கு மேல் கார்டு. அடுத்த வாரம் ஒவ்வொன்றாக எடுத்துப் போன் செய்தபோது எவர் என்ன கேட்டார் என்று எங்களுக்கும் தெரியவில்லை, அவர்களுக்கும் நினைவில்லை. உண்மையான விசாரணையோடு வந்த சிலரும் அந்தக் குவியலுக்குள்ளேயே போய்விட்டார்கள். அதில் ஒருவர் ஆறு மாதம் கழித்து வேறொரு பட்டறையில் எங்களைச் சந்தித்து, “நீங்க கூப்பிடவே இல்லையே” என்றார். அந்தக் கேள்வி இன்னும் எனக்கு வலிக்கிறது.

அதன்பிறகு பில் புத்தகம் போல அச்சடித்துக்கொண்டோம். ஏ5 அளவுச் சீட்டு, கார்பன் வைத்தால் இரண்டாம் படி கிடைக்கும், ஐம்பது சீட்டு ஒரு புத்தகம். மேலே நாளும் வரிசை எண்ணும். மூன்றாம் நாள் பதினேழாவது ஆள் என்றால் 3-17. கார்டை அதிலேயே ஸ்டேப்ளர் அடித்துவிடுவோம். கார்டு இல்லாதவரின் எண்ணை வாங்கி அவர் எதிரிலேயே மிஸ்டு கால் கொடுத்து, போனில் பெயருக்கு முன் 3-17 என்று சேர்த்துப் பதிந்துவிடுவோம். ட்ராயிங் வாட்ஸ்அப்பில் வரும்போது யாருடையது என்று தேட வேண்டியிருக்காது. கீழே பார்ட், மெட்டீரியல், மாத அளவு, இப்போதுள்ள குறை, ஒப்புதல் தருபவர், நாம் என்ன தருவதாகச் சொன்னோம், எந்தத் தேதிக்குள், பேசியது யார். பம்ப் கம்பெனிக்காரரின் சீட்டில் குறை என்ற இடத்தில் “சரியில்லை” என்று எழுதினால் பயனில்லை. “போர் டயலில் ஓகே, அசெம்பிளியில் ஏறவில்லை” என்று அவர் சொன்னதை அவர் சொல்லிலேயே எழுதி, “ஜா சக்கில் நசுங்குவதாகச் சந்தேகம்” என்று நம் கணிப்பையும் சேர்க்க வேண்டும். குவாலிட்டி மேனேஜரிடம் பேசும்போது முதல் வாக்கியமே அதுதான்.

இதை அவர் போன அடுத்த இரண்டு நிமிடத்துக்குள் எழுத வேண்டும். அடுத்தவர் நின்றால், “ஒரு நிமிஷம் சார், இதைப் பாத்துட்டு இருங்க” என்று ஒரு பார்ட்டைக் கையில் கொடுத்துவிட்டு எழுதி முடிக்கலாம். மாலையில் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் அறுபது பேச்சில் இருபதுகூட நினைவில் நிற்காது. சீட்டு ஒழுங்காக இல்லை என்பதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு. ஸ்டாலில் இல்லாத ஒருவர் அந்தச் சீட்டை மட்டும் பார்த்துப் போன் செய்யட்டும். அவர் “என்ன விஷயமா பேசினீங்க?” என்று வாடிக்கையாளரிடமே கேட்க நேர்ந்தால் சீட்டு தோற்றுவிட்டது.

ஏற்பாட்டாளர்கள் இப்போது பேட்ஜில் க்யூஆர் தருகிறார்கள், ஸ்கேன் செய்தால் பெயரும் எண்ணும் வந்துவிடும். எழுத்துப் பிழை வராது, வேகமும் உண்டு, அதைப் பயன்படுத்துவதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பேட்ஜுக்குள் ஸ்லீவ் இல்லை, குறை இல்லை, நாம் கொடுத்த வாக்கும் இல்லை. கூட்டம் நிறைந்த அரங்கில் நெட்வொர்க் நின்றுவிடும் நேரமும் உண்டு. ஆகவே ஸ்கேன் செய்தாலும் சீட்டை எழுதிவிடுகிறோம். எண்ணை எதற்காக வாங்குகிறோம் என்று சொல்லியே வாங்குவதும் நல்லது. தனிநபர் தரவுப் பாதுகாப்புக்கென்று 2023-இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறது. ஸ்லீவுக்குக் கொட்டேஷன் அனுப்பக் கொடுத்த எண்ணைத் தீபாவளி விளம்பரக் குழுவில் சேர்ப்பது அவர் ஒப்புக்கொண்ட நோக்கம் அல்ல.

தரம் பிரிப்பதைப் பேசியவரே சீட்டில் அப்போதே குறிக்க வேண்டும். “நல்ல பார்ட்டி”, “ஆர்வமா இருந்தார்” என்றெல்லாம் எழுதினால் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு பொருள். நாங்கள் அடுத்துச் செய்யவேண்டிய வேலையை வைத்தே பிரிக்கிறோம். பார்ட், அளவு, குறை மூன்றும் தெரிந்து, ட்ராயிங் தருவதாக ஒப்புக்கொண்டால் ஏ. இரண்டு நாளுக்குள் நாம் ஏதாவது அனுப்ப வேண்டும். தேவை உண்டு, இப்போது இல்லை என்றால் பி. எந்த மாதம் கூப்பிட வேண்டும் என்பதை எழுதாத பி செல்லாது. மற்றவை சி, ஒரு நன்றிச் செய்தியோடு முடிந்தது. மாலை ஆறரைக்கு மூவரும் சேர்ந்து சீட்டுகளைப் படித்து எக்செல்லில் ஏற்றுவோம், அரை மணியில் முடிந்துவிடும். முதல் இரண்டு நாளிலேயே பாதிக்கு மேல் ஏ என்று வந்தால் மகிழ வேண்டாம், யாரோ தாராளமாகக் குறிக்கிறார் என்று பொருள். ஒருவர் சீட்டுகளில் மட்டும் குறை என்ற இடம் காலியாகவே இருந்தால் அவர் கேட்காமல் தானே பேசிக்கொண்டிருக்கிறார். மறுநாள் காலையில் அவருக்கு அதைச் சொல்லிவிட வேண்டும்.

3-17 இப்படி நகரும். அன்று இரவே ட்ராயிங் வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் மறுநாள் காலை ஒரு செய்தி: “நேத்து ஸ்லீவ் போர் பத்திப் பேசினோம் சார், ட்ராயிங் அனுப்பினா மதியத்துக்குள்ள ரேட் தர்றேன்.” வந்துவிட்டால் சொன்ன நேரத்துக்குள் கொட்டேஷன். அதோடு இருபது சாம்பிள் இலவசமாகச் செய்து தருகிறோம், உங்கள் இடத்திலேயே மூன்று புள்ளியில் அளந்து பாருங்கள் என்று ஒரு வரி. கண்காட்சி முடிந்த திங்கட்கிழமை மற்ற ஸ்டால்காரர்கள் பேனர் சுருட்டிக் களைப்பாறும்போது அந்த இருபது ஸ்லீவும் காலட்டில் ஏறிக்கொண்டிருக்க வேண்டும்.